மூணாறு போய் வந்த கணக்கு

*மேடம், வணக்கம். நாங்கள் எட்டுப் பேர் திருப்பூரிலிருந்து வேன் பிடித்து மூணாறுக்கு மூன்று நாள் போய் வந்தோம். ஏற்பாடெல்லாம் நான்தான், செலவும் பெரும்பாலும் என் கார்டில்தான். முதல் நாள் சாப்பாட்டுக்கு மட்டும் ரவி கொடுத்தான். கார்த்தியும் தீபாவும் சேர்ந்து 4,000 ரூபாய் முன்பணம் தந்தார்கள். செல்வம் இரண்டாம் நாள் காலையில் தேனியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தான். பாபுவின் மச்சான் சங்கர் அண்ணனும் வந்திருந்தார், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். வாட்ஸ்அப் குழுவில் போட இதை எழுதி வைத்திருக்கிறேன். நான்கு நாளாக அனுப்பக் கை வரவில்லை. திருத்தித் தருவீர்களா? செலவுச் சீட்டையும் இணைத்திருக்கிறேன்.*

*"ஹாய் ஃப்ரெண்ட்ஸ், ட்ரிப் சூப்பரா போச்சு இல்ல! கேக்கவே சங்கடமா இருக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க. மொத்தம் 54,600 ஆச்சு, ஆளுக்கு 6,825 வருது. சிலர் இன்னும் ஒண்ணுமே தரல. என் கார்டு பில் வேற வந்துடுச்சு. முடிஞ்சா எப்ப வசதியோ அப்ப சீக்கிரம் அனுப்பிடுங்கடா. தயவுசெய்து ஒத்துழைப்பு தரவும். ஜிபே பண்ணிடுங்க. நன்றி 🙏🙏"*

மொழியைத் தொடுவதற்கு முன்னால் அந்த 6,825-ஐத் திருத்த வேண்டியிருக்கிறது. பணம் தர வேண்டிய ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அது சரியான தொகை இல்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வசூல் கடிதம் எழுதுவதும் திருத்துவதும்தான் இருபது வருடமாக என் பிழைப்பு. தொடக்கத்தில் ஒரு நூல் வியாபாரியிடம் இருந்தேன். அங்கே பாக்கிக் கடிதங்களை எவ்வளவு பணிவாக எழுதினாலும் பணம் வராது. பில் நம்பரும் தேதியும் போட்டு, வந்த தொகையைக் கழித்து, மீதி இவ்வளவு என்று எழுதிய கடிதத்துக்கு மட்டும் அந்த வாரமே செக் வரும். தன் கணக்குதான் என்று பார்த்தவுடன் தெரிந்தால் மனிதர்கள் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் உதைத்தாலும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுகிறார்கள். உங்கள் செய்தியைப் படிக்கும் ரவி, "நான் கொடுத்த சாப்பாட்டுக் காசு எங்கே?" என்று நினைப்பான். வாய்விட்டுக் கேட்டால் அற்பமாகத் தெரியும் என்பதால் கேட்கவும் மாட்டான், பணமும் அனுப்ப மாட்டான். நீங்கள் அவன் இழுத்தடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் சீட்டில் இருப்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிவிட்ட செலவு ஒரு பக்கம். சாப்பிட்டவருக்கும் டிக்கெட் எடுத்தவருக்கும் மட்டும் ஆன செலவு இன்னொரு பக்கம்.

முதல் பக்கத்தில் வேனும் அறையும். டிரைவர் பேட்டா, கேரள பெர்மிட், டோல் எல்லாம் சேர்த்து வேனுக்கு 21,000. நான்கு அறை, இரண்டு ராத்திரி, அறைக்கு 2,500 வீதம் 20,000. ஆக 41,000. எட்டுப் பேர் என்று உறுதி சொல்லித்தானே இதையெல்லாம் பிடித்தீர்கள்? செல்வம் வரத் தாமதமாகும் என்று சொன்னது அறை போட்ட பிறகுதான் என்று சீட்டின் ஓரத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். அதனால் இது எட்டாகத்தான் பிரியும், ஆளுக்கு 5,125.

இரண்டாவது பக்கத்தில் சாப்பாடு 11,200, பூங்கா டிக்கெட்டும் படகுச் சவாரியும் 2,400. சாப்பாட்டில் முதல் நாளுக்கான 3,360-ஐத் தனியே எடுங்கள். உடுமலையில் டிபன், மறையூரில் மதியச் சாப்பாடு, மூணாறில் ராத்திரிச் சாப்பாடு, மூன்றிலும் செல்வம் இல்லை. ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 480. அடுத்த இரண்டு நாளுக்கு ஆன 7,840-ஐ எட்டாகப் பிரித்தால் 980. டிக்கெட்டும் படகும் இரண்டாம் நாள் என்பதால் எட்டுப் பேருக்கும் 300.

கூட்டினால் ஏழு பேருக்குத் தலா 6,885, செல்வத்துக்கு 6,405. உங்கள் 6,825-க்கும் இதற்கும் அறுபது ரூபாய்தான் வித்தியாசம், இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். செல்வத்துக்கு அது 420 ரூபாய். அவன் கண்ணில் படாத இட்லிக்கும் மறையூர்ச் சாப்பாட்டுக்கும் காசு கேட்கிறீர்கள் என்பது அவனுக்கு அந்த 420-ஐவிடப் பெரிதாகத் தெரியும்.

இதற்குமேல் நுணுக்கமாகப் போகாதீர்கள். யார் இரண்டு டீ குடித்தார், யார் வேனில் சின்னாறு வளைவுகளில் வாந்தி எடுத்து மதியம் சாப்பிடவே இல்லை என்றெல்லாம் இறங்கினால் கணக்கு முடியாது. ஒருவர் முழு நாள் இல்லை என்றால் கழியுங்கள், ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நான் போகிற பயணங்களில் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவேன்.

இனி கொடுத்ததைக் கழிக்க வேண்டும். ரவி 3,360 கொடுத்திருக்கிறான், அவன் தர வேண்டியது 3,525. கார்த்தியையும் தீபாவையும் ஒரே வரியில் எழுதுங்கள். புருஷன் பெண்டாட்டியிடம் தனித்தனியாகக் கேட்பது நன்றாகவும் இராது, பணமும் ஒரே போனிலிருந்துதான் வரப்போகிறது. இருவருக்கும் சேர்த்து 13,770, முன்பணம் 4,000 போக 9,770. பாபு, சங்கர் அண்ணன், மாலதி மூவருக்கும் முழு 6,885.

அனுப்பும் முன் ஒரு சோதனை. எல்லாரிடமிருந்தும் வர வேண்டியதைக் கூட்டினால் 40,355 வருகிறது. மறுபுறம், மொத்தம் 54,600-இல் ரவி கொடுத்ததையும் முன்பணத்தையும் கழித்தால் உங்கள் கையிலிருந்து போனது 47,240. அதில் உங்கள் சொந்தப் பங்கு 6,885-ஐக் கழித்தால் அதே 40,355. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கில் ஓட்டை இல்லை. ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் பங்கைக் கழிக்க மறந்திருப்பீர்கள், அல்லது ஒரு முன்பணத்தை இரண்டு முறை கழித்திருப்பீர்கள்.

சரி, இப்போது மொழிக்கு வருவோம்.

"கேக்கவே சங்கடமா இருக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க." இந்த வரி முழுவதையும் எடுத்துவிடுங்கள். தப்பாக நினைக்க இதில் ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் படிப்பவருக்கு, ஏதோ தப்பாக நினைக்க இடம் இருக்கிறது போல என்று தோன்றும். ஊர்ப்பக்கம் கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதுகிறவர் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பேரைக் கேட்பார், தொகையைக் கேட்பார், எழுதுவார், அடுத்தவரைப் பார்ப்பார். உங்கள் செய்திக்கும் அந்த முகம்தான் வேண்டும்.

"சிலர் இன்னும் ஒண்ணுமே தரல." இந்தச் "சிலர்" ஆபத்தான சொல். பெயர் சொல்லாததால் நாகரிகமாக நடந்துகொண்டோம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் முன்பணம் தராத ஒவ்வொருவரும் அது தன்னைத்தான் என்று எடுத்துக்கொள்வார். அதிலும் சங்கர் அண்ணன் மாதிரி, புதிதாக வந்து சேர்ந்த, வயதில் மூத்தவருக்கு அது முதலில் உறைக்கும். அவரிடம் நீங்கள் முன்பணமே கேட்டிருக்க மாட்டீர்கள்.

"முடிஞ்சா எப்ப வசதியோ அப்ப சீக்கிரம்." ஒரே வரியில் மூன்று சொல், மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. "முடிஞ்சா" என்றால் முடியாவிட்டால் வேண்டாம் என்றாகிறது, "எப்ப வசதியோ" என்றால் காலக்கெடு இல்லை என்றாகிறது, அதற்குப் பிறகு வரும் "சீக்கிரம்" புலம்பலாகத்தான் கேட்கும். மூன்றையும் எடுத்துவிட்டு ஒரு தேதி போடுங்கள். நீங்கள் எழுதி வைத்திருப்பது மாதக் கடைசியில். யார் கையிலும் காசு இராத வாரம் அது. ஐந்தாம் தேதி சனிக்கிழமை என்று போடுங்கள். மாதச் சம்பளக்காரருக்கும் வந்திருக்கும், பனியன் கம்பெனி வாரச் சம்பளமும் சனிக்கிழமைதானே.

அந்தத் தேதிக்குக் காரணமாகக் கார்டு பில்லைச் சொல்லலாம். "கார்டு பில் வேற வந்துடுச்சு" என்கிற அந்த "வேற"தான் குறை. அது அழுகை. "கார்டு பில் 8-ஆம் தேதி கட்டணும்" என்றால் அது வெறும் தகவல், அதற்கு மூன்று நாள் முன்னால் ஏன் கேட்கிறீர்கள் என்பது படிப்பவருக்கே விளங்கிவிடும்.

"அனுப்பிடுங்கடா" என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே "ஒத்துழைப்பு தரவும்" என்கிறீர்கள். முதலாவது கல்லூரி விடுதி, இரண்டாவது மின்வாரிய அறிவிப்புப் பலகை. "தரவும்", "செலுத்தவும்" என்று முடியும் வினையில் பேசுகிறவர் முகமே தெரியாது, அதனால்தான் அறிவிப்புகளுக்கு அது பொருந்துகிறது. நண்பனிடம் அப்படிப் பேசினால் கோபமாக இருக்கிறீர்கள் என்றுதான் படிப்பான். "தயவுசெய்து" சேர்த்தால் கோபம் இன்னும் கூடித் தெரியும்.

"டா"வும் வேண்டாம். குழுவில் தீபா இருக்கிறார், மாலதி இருக்கிறார், சங்கர் அண்ணன் இருக்கிறார். "அனுப்பிருங்க" போதும். நம் "ங்க" மரியாதைக்கும் ஆகும், பன்மைக்கும் ஆகும். ஏழு பேருக்குச் சொல்லும்போது ரவிக்கு அது பன்மையாகக் கேட்கும், அண்ணனுக்கு மரியாதையாகக் கேட்கும், யாருக்கும் விலகிப் பேசுவது போல இராது. "அனுப்புங்க" என்று மொட்டையாக விடாமல் "அனுப்பிருங்க" என்று எழுதுவதிலும் ஒரு நயம் இருக்கிறது. ஒரு வேலையை முடித்துத் தலையிலிருந்து இறக்கி வைக்கிற தொனி அதில் தானாக வந்துவிடுகிறது. அதற்குமேல் மெதுவாக்கும் சொல் எதுவும் தேவையில்லை, கும்பிடும் பொம்மைகள் உட்பட.

இன்னொன்று, உங்கள் வரைவில் இல்லாதது, ஆனால் நினைவூட்டும்போது பலர் எழுதுவது: "பாக்கி". மளிகைக் கடைக் கடன் நோட்டின் வாசனை அதில் உண்டு. "பங்கு" அல்லது "கணக்கு" என்று எழுதுங்கள்.

இப்படி அனுப்பலாம்:

> மூணாறு கணக்கு போட்டாச்சு.
>
> வேன் 21,000, ரூம் 20,000. எட்டுப் பேருக்கும் சமமா ஆளுக்கு 5,125
> முதல் நாள் சாப்பாடு 3,360. ஏழு பேர், ஆளுக்கு 480
> அடுத்த ரெண்டு நாள் சாப்பாடு 7,840. எட்டுப் பேர், ஆளுக்கு 980
> பார்க் டிக்கெட், போட்டிங் 2,400. ஆளுக்கு 300
>
> ஆளுக்கு 6,885. செல்வம் முதல் நாள் இல்லாததால 6,405.
>
> இனி வர வேண்டியது:
> சங்கர் அண்ணன் 6,885
> மாலதி 6,885
> பாபு 6,885
> செல்வம் 6,405
> கார்த்தி, தீபா 9,770 (கொடுத்த 4,000 போக)
> ரவி 3,525 (கொடுத்த 3,360 போக)
>
> பில் எல்லாம் கீழ போட்டிருக்கேன். ஏதாவது விட்டுப்போயிருந்தா நாளைக்கு ராத்திரிக்குள்ள எனக்குத் தனியா சொல்லுங்க, மாத்திடறேன்.
>
> கார்டு பில் 8-ஆம் தேதி கட்டணும், 5-ஆம் தேதி சனிக்கிழமைக்குள்ள அனுப்பிருங்க. ஜிபே நம்பர் அடுத்த மெசேஜ்ல இருக்கு.

"ட்ரிப் சூப்பரா போச்சு" என்பதை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். பணம் கேட்பதற்கு முன்னால் வரும் புகழ்ச்சியை எல்லாரும் முன்னுரை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதை முந்தின நாளே, படங்களோடு, தனியாகப் போட்டுவிடுங்கள்.

ஜிபே எண்ணைத் தனிச் செய்தியாக, எண்ணைத் தவிர ஓர் எழுத்துகூட இல்லாமல் அனுப்புங்கள். செய்தியை நீட்டி அழுத்தினால் அது முழுவதும்தான் காப்பி ஆகும். கணக்கின் நடுவில் எண் இருந்தால் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும், அங்கேதான் பலர் அப்புறம் செய்யலாம் என்று போனைக் கீழே வைப்பார்கள். முன்பெல்லாம் நாமே செயலியிலிருந்து "இவ்வளவு தா" என்று கோரிக்கை அனுப்ப முடிந்தது. மோசடிகள் பெருகியதால், தனியாள் தனியாளிடம் அப்படி யுபிஐயில் கேட்கும் வசதி 2025 அக்டோபர் முதல் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அவர்களாகவே எண்ணைப் போட்டு அனுப்பினால்தான் உண்டு, அதனால் அந்த ஒரு தடங்கலையாவது நீக்கிக் கொடுங்கள்.

பணம் வர வர, குழுவில் பெயருக்கு எதிரே டிக் போட்டுப் பட்டியலைத் திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். நான்கு டிக் விழுந்த பிறகு மீதி இரண்டு பெயரும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியது போலத் தெரியும். அனுப்பியவருக்குத் தனியாக "வந்துருச்சு" என்று ஒரு சொல் போதும். அதையும் அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சொல்லாமல் உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். "ப்ராசஸிங்" என்று நின்றுபோன பணம் மறுநாள் அவர் கணக்குக்கே திரும்பிப் போயிருக்கும், அவர் கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் தேதி தாண்டியும் வராதவருக்கு அடுத்த நாள் தனிச் செய்தி. இங்கே "டா" வரலாம், அண்ணனைத் தவிர. "பாபு, மூணாறு கணக்குல உன்னோட 6,885 வந்த மாதிரி தெரியல, ஒரு தடவை பார்த்துச் சொல்றியா?" இதில் "மாதிரி தெரியல" என்பது பயந்து எழுதியது இல்லை. அவன் மறந்திருந்தாலும், பணம் பாதியில் நின்றிருந்தாலும், இந்த மாதம் இறுக்கமாக இருந்தாலும், மூன்றுக்கும் அதில் பதில் சொல்ல இடம் இருக்கிறது. இறுக்கம் என்று சொன்னால் உடனே "பாதி இப்ப, பாதி அடுத்த மாசம் அஞ்சாம் தேதி" என்று தொகையையும் தேதியையும் நீங்களே சொல்லிவிடுங்கள். "பரவால்ல, மெதுவா குடு" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருப்பதைவிட அது இருவருக்கும் நிம்மதி. சங்கர் அண்ணன் தாமதித்தால் நேரே போகாமல் பாபுவிடம் சொல்லுங்கள். அழைத்து வந்தவன் அவன்தானே.

குழுவில் போடும் முன் செல்வத்துக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடுங்கள். அவன் தொகைதான் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது, அதை எல்லார் முன்னிலும் முதல் தடவையாகப் பார்க்க வேண்டாம். "முதல் ராத்திரி நான் தூங்காத ரூமுக்கு எதுக்கு?" என்று அவன் கேட்கக்கூடும். கேட்டால் அறை அவனுக்கும் சேர்த்துப் போட்டது, காலியாகக் கிடந்தது, வாடகை குறையவில்லை என்று சொல்லுங்கள். அப்படியும் மனம் ஆறவில்லை என்றால், ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு 1,250. அதை மீதி ஏழு பேர் மேல் போட்டால் ஆளுக்கு 179 ரூபாய்க்குள்தான் கூடும். போடலாமா கூடாதா என்பதை மற்றவர்களிடமும் வாய்வார்த்தையாகக் கேட்டு முடிவுசெய்து, தொகைகளை மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு குழுவில் போடுங்கள். ஒரு தடவை போட்ட கணக்கை அங்கே மாற்ற ஆரம்பித்தால் ரவிக்கு அந்த இரண்டு டீ ஞாபகம் வந்துவிடும்.